முக்கால் விநாடியில் இறங்கும் சுமை

ஆரோக்கியமான ஒருவரின் தமனியில் ஓடும் ரத்தத்தில் 100 மில்லியை எடுத்து, அதற்குள் இருக்கும் வாயுக்களைப் பிரித்து அளந்தால், ஆக்சிஜன் ஏறத்தாழ 20 மில்லி கிடைக்கும். கரியமில வாயுவோ 48 மில்லி கிடைக்கும். நுரையீரலில் இருந்து புறப்பட்டு, இதயத்தைத் தாண்டி வந்த புத்தம்புது ரத்தத்தின் கணக்கு இது. பள்ளிப் புத்தகப் படங்களில் சிவப்பு மையால் தீட்டி, "ஆக்சிஜன் நிறைந்தது" என்று எழுதியிருப்பார்களே, அதே ரத்தம்தான். அதில் ஆக்சிஜனைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகக் கரியமில வாயு இருக்கிறது.

இனி அந்த ரத்தம் உடலைச் சுற்றி, தசைக்கும் மூளைக்கும் குடலுக்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, சிரை வழியாகத் திரும்பி வருகிறது. இப்போது அளந்தால் கரியமில வாயு 52 மில்லி. ஒரு சுற்றில் கூடியது நான்கு மில்லிதான். நுரையீரலில் அந்த நான்கை இறக்கிவிட்டு, மீதி 48ஐத் தன்னோடு வைத்துக்கொண்டே ரத்தம் மறுபடி கிளம்புகிறது.

நான்கு மில்லி சின்ன அளவாகத் தோன்றும். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நூறு மில்லிக்கு நான்கு என்றால் 5 லிட்டருக்கு 200 மில்லி. உடலின் செல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடத்தில் வெளியிடும் கரியமில வாயுவின் அளவும் இதுவே. கணக்கு நேராகிறது. நேராகாத இடம் ஒன்று இருந்தது. இந்தச் சுமை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கிடைக்கும் நேரம் அது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் உடலியல் அறிஞர்களைத் திணற அடித்த கேள்வி அங்கேதான் இருந்தது.

கரியமில வாயு தண்ணீரில் ஓரளவு நன்றாகவே கரையும். ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கும் மேல். அப்படியும், திசுக்களில் இருக்கும் அழுத்தத்தில் 100 மில்லி ரத்தத்தில் வெறுமனே கரைந்து நிற்கக்கூடியது 2.7 மில்லிதான். நுரையீரலில் இருக்கும் அழுத்தத்தில் 2.4 மில்லி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3 மில்லி. நான்கு மில்லியை இறக்க வேண்டிய இடத்தில் இது எந்த மூலைக்கு? ஆகவே கரியமில வாயு வாயுவாகவே பயணம் செய்ய முடியாது. அது வேறு உருவம் எடுத்தாக வேண்டும். எடுக்கும் முக்கிய உருவம் பைகார்பனேட்:

CO2 + H2O ⇌ H2CO3 ⇌ H+ + HCO3−

வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது உடனே பிரிந்து ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஒரு பைகார்பனேட் அயனியையும் தருகிறது. பைகார்பனேட் தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் கரையும், குமிழியாகக் கிளம்பாது. அம்புக்குறிகள் இரு பக்கமும் போவதைக் கவனியுங்கள். திசுவில் இந்த வினை இடமிருந்து வலமாக ஓடுகிறது, நுரையீரலில் வலமிருந்து இடமாக.

சிக்கல் முதல் அம்புக்குறியில் இருக்கிறது. கரியமில வாயுவும் தண்ணீரும் சேரும் வினை தானாக நடக்க விட்டால் மெதுவாகத்தான் நடக்கும். டென்மார்க்கில் ஃபார்ஹோல்ட் 1924இல் இதன் வேகத்தை அளந்து சொன்னார். உடல் வெப்பத்தில்கூட அது பாதி தூரம் போகவே பல விநாடிகள் ஆகும். திரும்பி வரும் வினையும் இதே தாமதத்தோடுதான் வரும். ஆனால் நுரையீரலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்களை, அதாவது தந்துகிகளை, ஒரு சிவப்பணு கடந்து போக எடுக்கும் நேரம் ஏறத்தாழ 0.75 விநாடி. மாடிப்படி ஏறினாலோ ஓடினாலோ அது இன்னும் சுருங்கும். வினை பாதி தூரம்கூடப் போகாமலே ரத்தம் நுரையீரலைத் தாண்டிப் போயிருக்கும். கணக்குப்படி நாம் ஒவ்வொருவரும் நம் கரியமில வாயுவிலேயே மூழ்கிப் போயிருக்க வேண்டும்.

கோபன்ஹேகனில் ஹென்ரிக்விஸ் என்பவர் 1928இல் இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எடுத்து வைத்தார். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தில் இருந்து கரியமில வாயு மந்தமாக வெளியேறுகிறது. சிவப்பணுக்களை உடைத்துக் கலந்த கரைசலில் இருந்தோ சட்டென்று வெளியேறுகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம் என்று அவர் யோசித்தார். சிவப்பணுவுக்குள் இந்த வினையை விரட்டும் ஏதோ ஒரு பொருள் இருக்கலாம். அல்லது கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறாமல் நேரடியாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு வரலாம். அவர் இரண்டாவது விளக்கத்தின் பக்கம் சாய்ந்தார். பிற்பாடு தெரிந்தது, இரண்டுமே சரி. ஒரு புதிருக்கு ஒருவர் வைத்த இரண்டு விடைகளும் மெய்யாவது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை.

முதல் விடையைக் கண்டுபிடித்தவர்கள் கேம்பிரிட்ஜில் வேலை செய்த மெல்ட்ரமும் ராஃப்டனும். அவர்கள் பயன்படுத்திய கருவி எளிமையானது. படகு வடிவக் கண்ணாடிப் பாத்திரம். அதன் அடியில் நடுவே ஒரு மேடு, இரு பக்கமும் இரண்டு பள்ளங்கள். ஒரு பள்ளத்தில் பைகார்பனேட் கரைசல், மற்றதில் அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைக்கும் பாஸ்பேட் கரைசல். பாத்திரத்தை வேகமாகக் குலுக்கினால் இரண்டும் கலந்து கரியமில வாயு கிளம்பும். கிளம்பும் வேகத்தை அழுத்தமானி காட்டும். இதில் வெகுவாக நீர்த்த ரத்தத்தைக் கொஞ்சம் சேர்த்தால் வாயு கிளம்பும் வேகம் தாவி ஏறியது. ரத்தத்தில் இருந்து ஹீமோகுளோபினைப் பிரித்து நீக்கிய பிறகும் அந்த வேகம் குறையவில்லை. ஆக, வேலை செய்வது ஹீமோகுளோபின் அல்ல, அதோடு கூட இருக்கும் வேறொரு நொதி. 1933இல் விரிவாக வெளிவந்த அந்த ஆய்வில் அதற்குக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று பெயர் சூட்டினார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவில் ஸ்டேடியும் ஓ'பிரையனும் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, இந்த நொதியின் மையத்தில் ஒரு துத்தநாக அணு இருப்பதைக் கெய்லினும் மானும் காட்டினார்கள். உடலில் துத்தநாகத்துக்கு என்ன வேலை என்று தெளிவாகத் தெரிய வந்த முதல் இடம் இது.

இந்த நொதியின் வேகமான வகை, ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் பத்து லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றிவிடும். அது சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கிறது, பிளாஸ்மாவில் கிட்டத்தட்ட இல்லை. தேவைக்கு மேல் பல மடங்கு இருப்பதால், பெரும்பகுதியை முடக்கினாலும் மிச்சம் இருப்பதே ஓய்வில் இருக்கும் உடலுக்குப் போதுமானது. கயிலாயம், அமர்நாத் போன்ற உயரமான இடங்களுக்கு யாத்திரை போகிறவர்கள் மலை நோய்க்காக டாக்டர் சொல்லி விழுங்கும் அசிடசோலமைடு மாத்திரை இந்த நொதியைத்தான் தடுக்கிறது. வழக்கமான அளவில் அது முக்கியமாகச் சிறுநீரகத்தில் வேலை காட்டுகிறது. ரத்தத்தின் போக்குவரத்தை நிறுத்திவிடுவதில்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர் சோடா குடித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். சுருக்கென்று நாக்கில் ஏறும் அந்த உறைப்பு காணாமல் போய், சோடா சப்பென்று இருக்கும். நாக்கில் கரியமில வாயுவை அமிலமாக்கி உணர வைப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிதான்.

இனி திசுவுக்கு வருவோம். தொடைத் தசையில் ஒரு தந்துகி. தசைச் செல்லில் இருந்து கசியும் கரியமில வாயு பிளாஸ்மாவைக் கடந்து சிவப்பணுவுக்குள் நுழைகிறது. நொதி அதை உடனே பைகார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் மாற்றுகிறது. இந்த இரண்டும் அங்கேயே குவிந்து கிடந்தால் வினை நின்றுவிடும். எனவே இரண்டையும் அப்புறப்படுத்த வேண்டும்.

ஹைட்ரஜன் அயனியை ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. அதன் புரதச் சங்கிலியில் உள்ள ஹிஸ்டிடின் என்னும் பகுதிகளுக்கு அந்த வேலை இயல்பு. அதோடு, ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் இன்னும் ஆர்வமாகப் பிடிக்கும். தசைக்கு ஆக்சிஜனைக் கொடுக்கும் அதே கணத்தில் அது ஹைட்ரஜன் அயனியை வாங்கத் தயாராகிவிடுகிறது. இதனால்தான், இவ்வளவு அமிலம் உற்பத்தியானாலும் சிரை ரத்தத்தின் pH தமனி ரத்தத்தைவிட 0.03, 0.04 அளவுக்கு மேல் இறங்குவதில்லை.

பைகார்பனேட் வெளியே பிளாஸ்மாவுக்குப் போக வேண்டும். அது எதிர் மின்னூட்டம் கொண்டது. அதோடு சோடியமோ பொட்டாசியமோ சேர்ந்து போனால் மின் சமநிலை கெடாது; ஆனால் சிவப்பணுவின் சவ்வு அவற்றை எளிதில் விடுவதில்லை. பைகார்பனேட் மட்டும் தனியாகப் போனால் அணுவுக்குள் நேர்மின்னூட்டம் மிஞ்சி, அடுத்து வரும் பைகார்பனேட்டை வெளியேறவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இதற்கு ரத்தம் கண்டிருக்கும் வழி, காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைந்த சிலிண்டர் என்று கேஸ் ஏஜென்சிக்காரர் சொல்வது மாதிரி. ஒரு பைகார்பனேட் வெளியே போனால் ஒரு குளோரைடு உள்ளே வர வேண்டும். ஒன்றுக்கு ஒன்று; கடன் கிடையாது. குளோரைடும் எதிர் மின்னூட்டம் கொண்டதே. பிளாஸ்மாவில் சோடியத்துக்கு ஜோடியாக அது ஏராளமாக மிதக்கிறது. நம் சமையல் உப்பின் ஒரு பாதிதான் அது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்துவது சிவப்பணுச் சவ்வில் பதிந்திருக்கும் பேண்ட் 3 என்ற புரதம். ஒரு சிவப்பணுவில் இது ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கிறது. சவ்வுப் புரதத்தில் கால் பங்கு இதுவே. ஒரு செல் தன் சவ்வில் இத்தனை இடத்தை ஒரே வேலைக்கு ஒதுக்கியிருக்கிறது என்றால் அந்த வேலை எவ்வளவு அவசரமானது என்று புரிகிறது. இந்தப் புரதத்துக்கு ஆற்றல் எதுவும் செலவில்லை. எந்தப் பக்கம் எது அதிகமோ அதற்கேற்பப் பரிமாற்றம் தானே நடக்கிறது, அதுவும் ஒரு விநாடியின் சிறு பின்னத்துக்குள்.

குளோரைடின் இந்த நகர்வைப் பேண்ட் 3 பற்றி எவருக்கும் தெரியாத காலத்திலேயே கவனித்துவிட்டார்கள். ஹாலந்தைச் சேர்ந்த ஹாம்பர்கர் 1890களின் தொடக்கத்தில் ரத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தார். சீரத்தில் குளோரைடு குறைந்தது, சிவப்பணுவில் கூடியது. கூடவே சிவப்பணுக்கள் சற்றுப் பருத்தன. ஆக்சிஜனைச் செலுத்தினால் எல்லாம் பழையபடி திரும்பியது. அணுவுக்குள் அயனிகளின் எண்ணிக்கை கூடும்போது தண்ணீரும் பின்தொடர்ந்து உள்ளே வருவதே பருப்பதற்குக் காரணம். இந்தக் குளோரைடு இடப்பெயர்ச்சிக்கு இன்றும் ஹாம்பர்கர் விளைவு என்று இன்னொரு பெயர் உண்டு. நம் ஒவ்வொருவர் உடலிலும் சிவப்பணு ஒவ்வொரு சுற்றிலும் திசுவில் கொஞ்சம் ஊதி, நுரையீரலில் கொஞ்சம் வற்றுகிறது. இதனால் சிரை ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் இடம் தமனி ரத்தத்தைவிட ஏறத்தாழ மூன்று சதவீதம் அதிகமாக இருக்கும்.

ஆக, பைகார்பனேட்டைத் தயாரிப்பது சிவப்பணு. ஆனால் தயாரானதில் பெரும்பகுதி பயணம் செய்வது பிளாஸ்மாவில். பைகார்பனேட் பிளாஸ்மாவில் போகிறது என்பதை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்களுக்குச் சிவப்பணுவின் பங்கு கண்ணில் படுவதே இல்லை. நல்ல ஆசிரியர்கள்கூட அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் இது.

ஹென்ரிக்விஸின் இரண்டாவது விடைக்கு வருவோம். கரியமில வாயுவின் ஒரு பகுதி ஹீமோகுளோபினோடு நேரடியாகவும் சேர்கிறது. ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள் உண்டு. ஒவ்வொரு சங்கிலியின் தொடக்க முனையிலும் ஓர் அமினோ தொகுதி இருக்கிறது. கரியமில வாயு அந்த முனையில் ஒட்டி, கார்பமினோ சேர்மமாகிறது. இதற்கு நொதி வேண்டாம். தானாகவே சட்டென்று நடக்கும். ஆக்சிஜன் உட்காரும் இடம் வேறு. அது சங்கிலிக்குள் பொதிந்திருக்கும் ஹீமின் இரும்பு அணு. ஆகவே கரியமில வாயுவும் ஆக்சிஜனும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்வதில்லை. மூடிய காருக்குள், கரி அடுப்பு எரியும் அறைக்குள் உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடுதான் ஆக்சிஜனின் இடத்தையே பறித்து உட்கார்ந்துகொள்வது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ மாணவர்கள் இந்த இடத்தில் மூன்று எண்களை உருப்போடுவார்கள். பைகார்பனேட்டாக 70 சதவீதம், கார்பமினோவாக 20 முதல் 25, கரைந்த நிலையில் 7. இந்த எண்கள் எதனுடைய சதவீதம் என்பதைப் பலர் கேட்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் மொத்தக் கரியமில வாயுவின் பங்கீடு அல்ல இது. மொத்தத்தில் பைகார்பனேட் மட்டுமே 90 சதவீதம் அளவுக்கு இருக்கும். இந்த எண்கள், ஒரு சுற்றில் புதிதாக ஏறி இறங்கும் அந்த நான்கு மில்லியின் பங்கீடு. அதில் பைகார்பனேட்டாக 2.8 மில்லி, கார்பமினோவாக ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவு, மீதி 0.3 மில்லி கரைந்த நிலையில். முன்னே பார்த்த 2.7க்கும் 2.4க்கும் உள்ள வித்தியாசம் இங்கே வந்து சரியாகப் பொருந்துவதைப் பாருங்கள். கார்பமினோவின் பங்கு மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். சிவப்பணுவில் உள்ள 2,3-BPG என்ற பொருளும் அதே சங்கிலி முனைகளில் இரண்டுக்குப் போட்டி போடுகிறது. அதைக் கணக்கில் சேர்த்து அளந்தபோது பழைய மதிப்பீடுகள் மிகை என்று தெரிய வந்தது.

கார்பமினோவின் அளவு சிறியதாக இருந்தாலும் அது ஆக்சிஜனின் வரவு செலவோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் கரியமில வாயுவை அதிகம் ஏற்கும். ஆக்சிஜன் ஏறியதும் உதறிவிடும். ஹைட்ரஜன் அயனிக்கும் இதே குணம்தான் என்று முன்பே பார்த்தோம். 1914இல் ஜோஹன்னே கிறிஸ்டியன்சன் என்ற டேனிஷ் பெண் மருத்துவரும், ஆக்ஸ்ஃபோர்டின் டக்ளஸ், ஹால்டேன் இருவரும் சேர்ந்து இதை அளந்து காட்டினார்கள். முதலில் நிற்பது கிறிஸ்டியன்சனின் பெயர். ஆனால் உலகம் அதை ஹால்டேன் விளைவு என்றே அழைக்கிறது. அவருக்கு உரிய இடத்தை இன்னும் நாம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நுரையீரலில் இந்த விளைவு எவ்வளவு உதவுகிறது என்பதை எண்ணில் பார்க்கலாம். சிரை ரத்தம் 52 மில்லியோடு வருகிறது. கரியமில வாயுவின் அழுத்தம் 45இல் இருந்து 40 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. ஆக்சிஜன் எதுவும் ஏறாமல் இந்த அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் ரத்தம் 50 மில்லியில் நின்றிருக்கும்; இறங்குவது இரண்டு மில்லிதான். ஆக்சிஜன் ஏறுவதால் ஹீமோகுளோபின் கார்பமினோவை உதறுகிறது. கூடவே ஹைட்ரஜன் அயனிகளையும் விடுகிறது. அவை சிவப்பணுவில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து, நொதியின் துணையால் மறுபடி கரியமில வாயுவாகின்றன. உள்ளே பைகார்பனேட் குறையக் குறைய, பிளாஸ்மாவில் இருப்பது பேண்ட் 3 வழியாக உள்ளே வருகிறது. குளோரைடு வெளியே போகிறது. இதெல்லாம் முடிந்து ரத்தம் 48க்கு வருகிறது. நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன், வெளியேறும் கரியமில வாயுவின் அளவை இரட்டிப்பாக்குகிறது.

மிச்சம் இருக்கும் 48 எதற்கு? அதையும் இறக்கிவிட்டால் ரத்தம் காரமாகிவிடும். ரத்தத்தின் pH 7.4இல் நிற்பது, பைகார்பனேட்டுக்கும் கரைந்த கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. லிட்டருக்கு 24 மில்லிமோல் பைகார்பனேட், 1.2 மில்லிமோல் கரைந்த வாயு. ஒன்றுக்கு இருபது. அந்த விகிதம் குலையாத வரை pH குலையாது. வேகமாக மூச்சு வாங்கி வாயுவை அதிகமாக வெளியேற்றுகிறவருக்கு உதடு மரத்து, விரல்கள் விறைத்து, தலை சுற்றுவது இந்த விகிதம் கெடுவதால்தான்.

இந்த ஏற்பாடு மருத்துவமனையில் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பொதுவாக நடப்பதை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். ஆளும் எண்களும் விளக்கத்துக்காக வைத்தவை. அறுபத்தைந்து வயதுக்காரர், பல ஆண்டு பீடிப் பழக்கம், சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சளி பிடித்து மூச்சு இரைப்பு கூடியதால் நள்ளிரவில் கொண்டு வருகிறார்கள். விரலில் மாட்டிய கருவி 84 காட்டுகிறது. ரத்த வாயுப் பரிசோதனையில், அதாவது ஏ.பி.ஜி.யில், கரியமில வாயு 58, பைகார்பனேட் 33, pH 7.38. கரியமில வாயு இயல்பைவிட மிக அதிகம். ஆனால் pH கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. மாதக் கணக்கில் வாயு தேங்கியதால் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து விகிதத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

"சிஸ்டர், அப்பாவுக்கு மூச்சு வாங்குது, ஆக்சிஜனைக் கூட்டி வைங்க" என்கிறார் மகன். முழு வேகத்தில் வைக்கிறார்கள். கருவி 99 காட்டுகிறது. மூச்சிரைப்பும் குறைந்த மாதிரி தெரிகிறது. ஒரு மணி நேரம் கழித்து, "இப்பதான் நிம்மதியாத் தூங்குறாரு" என்கிறார்கள் வீட்டார். அது தூக்கம் அல்ல. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, பேச்சு குழறி, மறுபடி கண் செருகுகிறது. கைகள் வெதுவெதுப்பாக இருக்கின்றன. கையை நீட்டி மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் அவ்வப்போது படபடவென்று விழுந்து எழுகின்றன. மறுபடி ஏ.பி.ஜி. எடுத்தால் கரியமில வாயு 80, பைகார்பனேட் 35, pH 7.26. பைகார்பனேட்டால் இவ்வளவு சீக்கிரம் ஈடு கொடுக்க முடியவில்லை. ஒன்றுக்கு இருபதாக இருக்க வேண்டிய விகிதம் பதினைந்துக்கும் கீழே போய்விட்டது.

இதற்கு வெகு காலம் சொல்லப்பட்ட விளக்கம், இந்த நோயாளிகள் ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு விடுகிறார்கள், ஆக்சிஜன் கொடுத்ததும் மூச்சுவிடும் உந்துதல் அடங்கிவிடுகிறது என்பது. 1980இல் வெளியான ஓபியே குழுவின் ஆய்வு இதைச் சோதித்தது. தூய ஆக்சிஜன் கொடுத்த நோயாளிகளுக்குக் கரியமில வாயு சராசரியாக 23 மில்லிமீட்டர் உயர்ந்தது. ஆனால் மூச்சின் மொத்த அளவு முதலில் குறைந்து, பிறகு பழைய நிலைக்கு அருகில் திரும்பியிருந்தது. உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஒன்று, காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் உடல் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும்; அதிக ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. வீணான பகுதிகளுக்கு ரத்தம் பாய்ந்து, கரியமில வாயு இறங்க இடமில்லாமல் திரும்புகிறது. இன்னொன்று ஹால்டேன் விளைவு. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பியதும் அது கார்பமினோவையும் ஹைட்ரஜன் அயனியையும் உதறுகிறது. நல்ல நுரையீரல் என்றால் உதறிய வாயுவை மூச்சைக் கொஞ்சம் கூட்டி வெளியே தள்ளிவிடும். அடைபட்ட நுரையீரலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. உதறியது ரத்தத்திலேயே கரைந்து நின்று அழுத்தத்தை ஏற்றுகிறது.

அதற்காக ஆக்சிஜனே கொடுக்கக் கூடாது என்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் போவது அதைவிட வேகமாகக் கொல்லும். இந்த நோயாளிகளுக்கு விரல் கருவியில் 88 முதல் 92 வரை இருக்கும்படி அளவோடு கொடுப்பதே இன்றைய முறை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முழு வேக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள்; அளவோடு பெற்றவர்களில் 4 சதவீதம். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் நோயாளி மயங்குவதைப் பார்த்துப் பயந்து அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடலில் தேங்கிய கரியமில வாயு உடனே போய்விடாது. ஆக்சிஜன் மட்டும் தடாலென்று சரியும். டாக்டரைக் கூப்பிட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

விரல் கருவி இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்காது. அது பார்ப்பது ஹீமோகுளோபினின் நிறத்தை. ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்தால் நிறம் மாறும். கரியமில வாயு பைகார்பனேட்டாக இருக்கும்போது நிறமில்லை. சங்கிலி முனையில் ஒட்டும்போதும் கருவி கண்டுகொள்ளும் மாற்றம் இல்லை. எனவே 99 என்று காட்டிக்கொண்டே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம். அதை அறிய ஏ.பி.ஜி. வேண்டும். ஆனால் முன்கூட்டியே ஒரு தடயம் வீட்டு ஃபைலிலேயே இருக்கக்கூடும். சோடியம், பொட்டாசியம் பார்க்க எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் என்றோ மொத்த CO2 என்றோ ஒரு வரி வரும். வாந்தியோ, சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளோ காரணமாக இல்லாமல் அது 27, 28ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால், கரியமில வாயு நாள்பட்டுத் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நாள்பட்ட நுரையீரல் நோயாளியை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போகிறவர்கள் அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போய், ஆக்சிஜன் மாட்டும் முன்பே டாக்டரிடம் காட்டினால், எவ்வளவு வைப்பது என்று அவர் முடிவு செய்ய அந்த ஒரு வரி உதவும்.